ஸோம்பாவில் யாரைக் கேட்டு எண்ணினார்கள்?

பிள்ளையைப் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பினால் மாதாமாதம் பணம் தருகிறோம் என்று ஏழைக் குடும்பங்களிடம் சொல்லும் அரசுத் திட்டங்கள் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. மெக்சிகோ, பிரேசில், கொலம்பியா, கம்போடியா என்று பல நாடுகள் இதை நடத்திப் பார்த்திருக்கின்றன. இந்தத் திட்டங்களைப் பற்றிய பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "இது பலன் தரும் என்று ஆய்வுகள் நிரூபித்துவிட்டன." அந்த வாக்கியத்தில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் என்ன பலன், யாருக்கு, எப்படி எண்ணினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், விஷயம் அந்த ஒற்றை வாக்கியத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. பல வருடங்களாக இந்த ஆய்வுகளைப் படித்து வருகிறேன். அவற்றில் ஒன்று என் பார்வையை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் மாற்றியது. ஆப்பிரிக்க நாடான மலாவியின் தெற்கில் இருக்கும் ஸோம்பா மாவட்டத்தில் நடந்த ஆய்வு அது. அதைச் சொல்வதற்கு முன் மெக்சிகோவைச் சொல்லாமல் முடியாது.

1994 டிசம்பரில் மெக்சிகோவின் நாணயமான பேசோ சரிந்தது. அடுத்த ஆண்டு முழுக்க ஏழைகள் நொறுங்கிப்போனார்கள். அப்போது நிதி அமைச்சகத்தில் இருந்த சாண்டியாகோ லெவி என்ற பொருளியலாளர், டொர்த்தியா ரொட்டிக்கும் பாலுக்கும் கொடுக்கும் மானியத்தில் கிராமத்து ஏழைகளுக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவு என்று வாதிட்டார். மானியத்தைப் பணமாக மாற்றி நேரடியாகத் தாயின் கையில் கொடுப்போம், பதிலுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் வரவேண்டும் என்பது அவர் திட்டம். 1997-இல் அது ப்ரோக்ரெசா என்ற பெயரில் தொடங்கியது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும். 1998-இன் இரண்டாம் பாதியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மாதம் 70 பேசோ, ஆறாம் வகுப்புக்கு 135. ஏழாம் வகுப்புக்குப் போனால் ஆணுக்கு 200, பெண்ணுக்கு 210. ஒன்பதாம் வகுப்பில் ஆணுக்கு 220, பெண்ணுக்கு 255. நடுநிலைப் பள்ளியில் பெண்கள்தான் அதிகம் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பதால் அங்கே அவர்களுக்குக் கூடுதல். வருகை 85 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் கிடையாது.

இந்தத் திட்டம் பெயர்பெற்றதற்குக் காரணம் தொகை அல்ல, தொடங்கிய விதம். எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கப் பணமோ ஆட்களோ இல்லை. அதனால் ஆய்வுக்கென்று 506 கிராமங்களை எடுத்துக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 320 கிராமங்களுக்கு 1998-இல் பணம் போனது. மீதி 186 கிராமங்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காத்திருந்தன. குலுக்கலில் பிரித்ததால் இரண்டு பக்கமும் மற்ற எல்லா வகையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், வித்தியாசம் தெரிந்தால் அது திட்டத்தால் வந்தது என்று சொல்ல முடியும். தேர்தலுக்குத் தேர்தல் பெயர் மாறும் ஏழ்மைத் திட்டங்களைப் பார்த்துச் சலித்த நாட்டில், ஒரு அரசு தன் திட்டத்தைத் தானே சோதனைக்கு உட்படுத்தியது பெரிய விஷயம். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

என்ன தெரிந்தது? பால் ஷூல்ஸ் என்ற பொருளியலாளர் கணக்குப் போட்டார். தொடக்க வகுப்புகளில் திட்டம் இல்லாத ஊர்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பள்ளியில் இருந்தார்கள். பணம் கொடுத்த ஊர்களில் கூடியது சுமார் ஒரு சதவீதப் புள்ளிதான். ஆனால் ஆறாம் வகுப்பு முடித்தவர்களிடம் கதையே வேறு. திட்டம் இல்லாத ஊர்களில் அவர்களில் 58 சதவீதம் பேர் மட்டுமே மேலே படித்தார்கள். திட்டம் இருந்த ஊர்களில் அது 11 புள்ளி உயர்ந்தது. பெண்களுக்கு ஏறத்தாழ 15 புள்ளி, ஆண்களுக்கு ஆறரை.

இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பு முடித்த நூறு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். 58 பேர் எப்படியும் போயிருப்பார்கள். திட்டத்தால் இன்னும் 11 பேர் போகிறார்கள். பணம் வாங்குவது 69 பேரும்தான். ஏழாம் வகுப்புக்கு ஆளுக்குச் சுமார் 205 பேசோ என்றால் மாதம் 14,000 பேசோவுக்குச் சற்று மேல், அதற்குப் புதிதாக வந்தவர்கள் 11 பேர். ஆக, கூடுதலாக வந்த ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 1,300 பேசோ. இதே கணக்கைத் தொடக்க வகுப்பில் போடுவோம். தொண்ணூற்றைந்து பேருக்குத் தலைக்குச் சுமார் 100 பேசோ கொடுத்தால் 9,500 பேசோ ஆகிறது. கூடுதலாக வந்தவர் ஒரே ஒருவர். ஏழு மடங்கு வித்தியாசம். அலாங் தெ ஜான்வ்ரி, எலிசபெத் சாதுலே என்ற இருவர் இந்தத் திசையில்தான் வாதாடினார்கள்: பள்ளிக்கு வரவைப்பதுதான் நோக்கம் என்றால், ஆறிலிருந்து ஏழுக்குப் போகும் அந்த வாசலில் பணத்தைக் குவியுங்கள், எப்படியும் வரும் பிள்ளைக்கு எதற்கு நிபந்தனை என்று.

இதற்கு ஒரு நேர்மையான பதிலும் உண்டு. தொடக்க வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை. அது ஏழைக் குடும்பத்தின் அடுப்படிக்குப் போனது. குடும்பச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அந்தத் தொகை இருந்தது. அது வறுமை ஒழிப்பு என்றால் சரி. ஆனால் அதைப் பள்ளிக் கணக்கில் எழுதி, "இத்தனை லட்சம் பிள்ளைகள் எங்கள் திட்டத்தால் படிக்கிறார்கள்" என்று சொல்லக் கூடாது. பணம் வாங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் பணத்தால் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தை ஏறக்குறைய ஒவ்வொரு அரசு விளம்பரத்திலும் பார்க்கிறேன்.

சரி, மெக்சிகோ ஆய்வால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பிள்ளைகள் வந்தது பணத்தாலா, நிபந்தனையாலா? எல்லாக் குடும்பத்துக்கும் இரண்டும் சேர்ந்தேதான் போனது. "பணத்தை மட்டும் கொடுத்திருந்தாலே அனுப்பியிருப்பார்கள். ஏழைத் தாய்க்கு எது நல்லது என்று அரசு கண்காணிக்க வேண்டுமா?" என்று ஒரு பக்கம். "நிபந்தனை இல்லாவிட்டால் பள்ளியில் ஏன் மாற்றம் வரும்?" என்று இன்னொரு பக்கம். நிபந்தனையை வைப்பதற்குச் செலவு உண்டு: வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்க ஆள் வேண்டும், தாய்மார்கள் படிவத்தோடு அலைய வேண்டும், வராத பிள்ளையின் குடும்பத்துக்குப் பணத்தை நிறுத்த வேண்டும். அந்தச் செலவு தேவைதானா என்று அறிய, நிபந்தனையோடு ஒரு குழுவுக்கும் நிபந்தனை இல்லாமல் ஒரு குழுவுக்கும் அதே பணத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

சேரா பெயர்ட், கிரெய்க் மெக்கின்டோஷ், பெர்க் ஓஸ்லர் என்ற மூவர் அதைத்தான் ஸோம்பாவில் செய்தார்கள். 2008, 2009 என்று இரண்டு ஆண்டுகள். 13 முதல் 22 வயது வரையுள்ள, திருமணமாகாத பெண்கள். மாவட்டத்திலிருந்து 176 பகுதிகளை எடுத்து, பாதிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மீதியில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு 46 பகுதிகளில் நிபந்தனையோடு பணம், 27 பகுதிகளில் நிபந்தனை இல்லாமல். தொடக்கத்திலேயே படிப்பை விட்டிருந்த பெண்கள் தனிக் குழு. பணம் கொடுத்த பகுதிகளில் அவர்களுக்குக் கிடைத்தது நிபந்தனைத் தொகை மட்டும், அதாவது திரும்பிப் பள்ளிக்குப் போனால் பணம். மாதத் தொகையில் பெற்றோருக்கு 4 முதல் 10 டாலர், பெண்ணின் கையில் 1 முதல் 5 டாலர். பெண்ணுக்கான தொகையை அவளே குலுக்கலில் எடுத்தாள். நிபந்தனைக் குழுவில் 80 சதவீத நாட்கள் வந்தால்தான் அடுத்த பணம். மலாவியில் தொடக்கக் கல்வி 1994-லிருந்து இலவசம், ஆனால் மேல்நிலைக்கு அப்போது கட்டணம் இருந்தது. அதனால் நிபந்தனைக் குழுவுக்கு அந்தக் கட்டணத்தைப் பள்ளிக்கே நேராகக் கட்டினார்கள், மற்ற குழுவுக்கு அதை ஈடுகட்டத் தொகையைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

இப்போது எண்ண வேண்டும். யார் பள்ளியில் இருக்கிறார்கள், யார் நின்றுவிட்டார்கள்? இதற்கு இந்தத் துறையில் வழக்கமான முறை, வீட்டுக்குப் போய்க் கேட்பது. "இப்போது படிக்கிறாயா?" "படிக்கிறேன்." குறித்துக்கொள்வார்கள். ஸோம்பாவிலும் அப்படிக் கேட்டார்கள். அந்தப் பதில்களை வைத்துப் பார்த்தபோது, நிபந்தனை இல்லாத பணம் நிபந்தனைப் பணத்துக்குக் குறையாமல் வேலை செய்தது போலத் தெரிந்தது. "பணமே போதும்" என்று வாதிட்டவர்களுக்கு இது நல்ல செய்தி. முதலாண்டு முடிவில் ஆய்வாளர்களே அப்படித்தான் எழுதினார்கள்.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. பெண்கள் தாங்கள் படிப்பதாகச் சொன்ன ஒவ்வொரு பள்ளிக்கும் போய் ஆசிரியரிடம் கேட்டார்கள், பதிவேட்டைப் பார்த்தார்கள். அங்கே படம் தலைகீழானது. பள்ளியின் பதில்படி, இரண்டு ஆண்டு முடிவில், நிபந்தனை இல்லாத பணம் இடைநிற்றலைக் குறைத்த அளவு நிபந்தனைப் பணம் குறைத்ததில் 43 சதவீதம் மட்டுமே.

எப்படி இது நடக்கும்? நானாகப் போட்ட எண்களை வைத்து விளக்குகிறேன், ஸோம்பாவின் எண்கள் அல்ல. பணமே வாங்காத ஊரில் நூறு பெண்களில் உண்மையில் 60 பேர் பள்ளியில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கேட்டால் 80 பேர் "படிக்கிறேன்" என்கிறார்கள். நிபந்தனை ஊரில் உண்மையில் 75 பேர். ஆனால் அங்கே ஒவ்வொரு பெண்ணின் வருகையும் ஏற்கெனவே பள்ளியில் சரிபார்க்கப்படுகிறது, பொய் சொல்லிப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் 80 பேர்தான் "படிக்கிறேன்" என்கிறார்கள். வீட்டுப் பதிலை வைத்தால் 80-க்கு 80, திட்டத்தால் ஒரு மாற்றமும் இல்லை. பள்ளிப் பதிலை வைத்தால் 60-க்கு 75. எல்லோரும் ஒரே அளவு மிகைப்படுத்தினால் வித்தியாசம் பாதிக்கப்படாது. ஒரு குழு அதிகமாகவும் இன்னொரு குழு குறைவாகவும் மிகைப்படுத்தும்போதுதான் முடிவு கெடுகிறது. கண்காணிப்பே அந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது. நிபந்தனையை மதிப்பிடும் எந்த ஆய்விலும் இந்த ஆபத்து உள்ளுக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. பத்தாவதில் நின்றுபோன பெண்ணின் வீட்டில், யாராவது நோட்டும் பேனாவுமாக வந்தால், "படிச்சிக்கிட்டுத்தாங்க இருக்கா" என்றுதான் அம்மா சொல்வார். வந்தவர் எந்த அலுவலகம் என்று தெரியாது, நின்றுவிட்டாள் என்று சொன்னால் எது பறிபோகும் என்றும் தெரியாது. கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தப் பதிலில் மானமும் இருக்கிறது. அதைப் பொய் என்று சொல்லவே எனக்கு மனம் வராது.

பள்ளிப் பதிவேடு மட்டும் உண்மை பேசுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வராத பிள்ளைக்கும் வந்ததாகக் கோடு போட்ட பதிவேடுகளை நாம் அறிவோம். அதுவும் தன் கையெழுத்தால் ஒரு ஏழைப் பெண்ணுக்குப் பணம் கிடைக்கும் என்றால், ஆசிரியர் இரக்கப்பட்டு இரண்டு நாள் கூட்டிப் போடலாம். அப்படியானால் நிபந்தனைக் குழுவின் வெற்றியே காகிதத்தில் வந்ததாக இருக்கலாம். ஸோம்பா ஆய்வாளர்கள் இதற்கு ஒரு மூன்றாவது சாட்சியைத் தேடினார்கள். எல்லாப் பெண்களுக்கும், பள்ளியில் இருந்தாலும் நின்றிருந்தாலும், அவரவர் வீட்டிலேயே வைத்துத் தேர்வு நடத்தினார்கள். நிபந்தனைக் குழுப் பெண்கள் ஆங்கில வாசிப்பில் பணம் வாங்காதவர்களைவிட முன்னே இருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் தெளிவாகத் தெரிந்த வித்தியாசம். நிபந்தனை இல்லாத குழுவில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. ஆசிரியர் கருணையால் பதிவேட்டில் கோடு போடலாம், வீட்டில் உட்கார்ந்து பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பெண்ணுக்காக யாரும் கோடு போட முடியாது. மூன்று சாட்சிகளில் இரண்டு ஒத்துப்போனதால்தான் நான் இந்த முடிவை நம்புகிறேன்.

வீட்டில் தேர்வு வைத்தது ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் தேர்வு வைத்தால் பள்ளிக்கு வந்தவர்கள் மட்டுமே எழுதுவார்கள். திட்டத்தால் புதிதாக உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் படிப்பில் பின்தங்கியவர்கள். அவர்கள் வந்து உட்கார்ந்ததால் வகுப்பின் சராசரி மதிப்பெண் இறங்கும், திட்டம் படிப்பைக் கெடுத்தது போலத் தெரியும். மெக்சிகோவின் தொடக்ககாலத் தேர்வு ஆய்வில், திட்டக் கிராமங்களின் மதிப்பெண் உயரவில்லை. அந்தத் தேர்வுகள் பள்ளியில் நடந்தவை என்பதால் அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கம்போடியாவில் ஆண்டுக்கு 45, 60 டாலர் உதவித்தொகை கொடுத்த திட்டத்தில், டியான் ஃபில்மரும் நோர்பர்ட் ஷேடியும் வீட்டில் வைத்தே தேர்வு எடுத்தார்கள். பள்ளியில் இருப்பவர்கள் 20 முதல் 25 சதவீதப் புள்ளி கூடியிருந்தார்கள். ஆனால் கணக்கிலும் சொல்வளத்திலும் உதவி பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிட மேலே வரவில்லை. ஸோம்பாவில் கொஞ்சம் கற்றல், கம்போடியாவில் இல்லை. பணம் பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவரும். உள்ளே ஆசிரியர் இருக்கிறாரா, அறுபது பேர் அடைந்த வகுப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கவனிக்க யாராவது இருக்கிறார்களா என்பதை அந்தப் பணம் தொடுவதே இல்லை.

இதுவரை படித்தவர்கள், ஆக நிபந்தனைதான் வென்றது என்று முடிவுகட்டியிருப்பீர்கள். நானும் அந்த ஆய்வின் பாதி வரை அப்படித்தான் படித்துக்கொண்டு போனேன். மறுபாதியில் கல்யாணமும் கர்ப்பமும் வருகின்றன.

இரண்டாண்டு முடிவில், நிபந்தனை இல்லாமல் பணம் வாங்கிய பெண்களிடையே, பணம் வாங்காத ஊர்களோடு ஒப்பிட்டால், திருமணம் 44 சதவீதம் குறைவு. கர்ப்பம் தரித்தவர்கள் 27 சதவீதம் குறைவு. நிபந்தனைக் குழுவில் இப்படிக் குறையவில்லை. இந்த வித்தியாசம் முழுவதும் வந்தது படிப்பை விட்டுவிட்ட பெண்களிடமிருந்து.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இரண்டு பெண்கள், இரண்டு ஊர். இருவருமே பதினாறு வயதில் ஏதோ ஒரு காரணத்தால் பள்ளியை விடுகிறார்கள். கட்டணம், அம்மாவின் நோய், பாடம் புரியாமை, ஏதோ ஒன்று. நிபந்தனை இல்லாத ஊர்ப் பெண்ணுக்கு அடுத்த மாதமும் பணம் வருகிறது. சோப்பு வாங்க, துணி வாங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கும் அவளால் வருமானம் இருக்கிறது, சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற அழுத்தம் குறைகிறது. அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடிகிறது. நிபந்தனை ஊர்ப் பெண்ணுக்கு, பள்ளியை விட்ட அதே மாதம் பணமும் நிற்கிறது. அவள் பள்ளியையும் இழந்தாள், கையிலிருந்த காசையும் இழந்தாள். ஸோம்பாவில் அந்த வயதுப் பெண்ணுக்கு அதற்கு அடுத்து இருக்கும் வழி பெரும்பாலும் ஒரு ஆண்.

நிபந்தனை என்பதன் உள்வேலை இதுதான். வரும் பிள்ளைக்கு அது பரிசு, வராத பிள்ளைக்கு அது தண்டனை. அந்தத் தண்டனை விழும் இடம், இருப்பவர்களிலேயே மிகவும் தவித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் தலை. பள்ளிச் சேர்க்கையை மட்டும் எண்ணும் ஆய்வு இந்தப் பெண்ணை "நின்றவர்" என்ற கட்டத்தில் ஒரு எண்ணாகப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அவளுக்கு அதன் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டதற்காகவே ஸோம்பா ஆய்வை நான் மதிக்கிறேன். எதை எண்ணப் போகிறோம் என்பதைத் திட்டத்தின் நிபந்தனையே முடிவுசெய்ய விட்டுவிட்டால், நிபந்தனை எப்போதும் ஜெயித்ததாகத்தான் காகிதத்தில் தெரியும்.

அதே மூவர் பணம் நின்று இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத் திரும்பிப் போனார்கள். அதன் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. நிபந்தனை இல்லாத குழுவில் திருமணமும் கர்ப்பமும் குறைந்திருந்தது சீக்கிரமே மறைந்துவிட்டது. பணம் தள்ளிப்போட்டது, தடுத்துவிடவில்லை. ஆனால் அந்தப் பணம் வந்துகொண்டிருந்த காலத்தில் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் நன்றாக இருந்தார்கள். இன்னொரு பக்கம், முதலிலேயே படிப்பை விட்டிருந்து, நிபந்தனைத் தொகையால் பள்ளிக்குத் திரும்பிய பெண்கள் நிறைய வகுப்புகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைவாகவே நீடித்தது. ஆனால் வேலையிலோ உடல்நலத்திலோ வீட்டில் தங்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்பிலோ அவர்களுக்கு முன்னேற்றம் தெரியவில்லை. மெக்சிகோவில் திட்டப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்த்த ஆய்வுகள், குறிப்பாகப் பெண்களுக்கு, வேலையிலும் வருமானத்திலும் நல்ல மாற்றத்தைக் காட்டுகின்றன. ஸோம்பாவில் அப்படியில்லை. படித்த பெண்ணை எடுத்துக்கொள்ள வேலை இருக்கும் நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்பது என் கருத்து.

ஸோம்பாவைக் காட்டி எல்லா இடத்திலும் நிபந்தனை வேண்டும் என்று சொல்பவர்களுக்கு மொராக்கோவைக் காட்ட வேண்டியிருக்கிறது. அங்கே தய்சீர் என்ற திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு. எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு ஆராய்ந்தது. சில இடங்களில் வருகையைச் சரிபார்த்துப் பணம் கொடுத்தார்கள். சில இடங்களில் "இது பிள்ளையின் படிப்புக்கு" என்று சொல்லி, பள்ளித் தலைமையாசிரியர் வழியாகச் சேர்த்துக்கொண்டு, சரிபார்க்காமலே கொடுத்தார்கள். சரிபார்க்காத குழுவில்தான் இடைநிற்றல் சற்று அதிகமாகவே குறைந்தது. தொகையும் சிறியதுதான், குடும்பச் செலவில் ஐந்து சதவீத அளவு. அரசே இதற்குப் பணம் தருகிறது என்றால் படிப்பில் ஏதோ இருக்கிறது என்று பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டும் முரண்போலத் தெரிந்தாலும் எனக்கு முரணாகப் படவில்லை. மொராக்கோவில் இருந்தது எட்டு, பத்து வயதுப் பிள்ளை. பள்ளியை விட்டால் அதற்குப் பெரிய வருமானமோ கல்யாணமோ காத்திருக்கவில்லை. பெற்றோர் தயக்கத்தின் விளிம்பில் நின்றார்கள், ஒரு சிறு தட்டல் போதுமாயிருந்தது. ஸோம்பாவில் இருந்தது பதினாறு வயதுப் பெண். அவளை வெளியே இழுக்கும் விசை பலமானது. அதை எதிர்த்து நிற்க, வந்தால்தான் பணம் என்ற இழுப்பு இந்தப் பக்கம் தேவைப்பட்டது. வயது ஏற ஏற நிபந்தனைக்கு வேலை கூடுகிறது, நிபந்தனையால் நேரும் சேதமும் கூடுகிறது.

நம் ஊருக்கு வந்தால், 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே: அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் தொடங்கியதால் காத்திருந்த மாவட்டம் என்று ஒன்று கிடையாது. முந்தைய ஆண்டோடு ஒப்பிடலாம், ஆனால் அந்த முந்தைய ஆண்டுகள் கொரோனா ஆண்டுகள். எத்தனை பேர் ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள் என்ற எண் நமக்குக் கிடைக்கிறது. அவர்களில் எத்தனை பேர் அந்த ஆயிரம் இல்லாவிட்டால் பன்னிரண்டாவதோடு நின்றிருப்பார்கள் என்பதுதான் மெக்சிகோக் கணக்கில் அந்தப் பதினொன்று. அதைக் கண்டுபிடிக்கும் முயற்சியை அரசு எடுக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அந்தத் தொகையை நிறுத்துவதற்காக அல்ல, எந்த மாவட்டத்தில், எந்தக் குடும்பத்தில் அது இன்னும் இரண்டு மடங்காக இருக்க வேண்டும் என்று அறிவதற்காக.

என்னிடம் ஒரு திட்டத்தை வடிவமைக்கச் சொன்னால் தொகையை இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பகுதி, ஏழைக் குடும்பத்தில் பதின்பருவப் பெண் இருக்கிறாள் என்பதற்காகவே, அவள் பள்ளியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதினெட்டு வயது வரை நிற்காமல் வரும். இன்னொரு பகுதி பள்ளிக்கு வந்தால் அதன்மேல் கூடும், அதுவும் பிள்ளைகள் உண்மையிலேயே படிப்பை நிறுத்தும் வகுப்பில் பெரிதாகக் கூடும். விட்டுப்போனவள் திரும்பி வந்தால் அந்த மாதமே மேல்தொகை தொடங்கும். இதை ஒரே நாளில் எல்லா இடத்திலும் தொடங்காமல், பணமும் ஆளும் போதாத முதல் ஆண்டுக்கு ஒன்றியங்களைக் குலுக்கிப் பிரித்துத் தொடங்குவேன். ஆண்டின் முடிவில் மூன்று இடத்தில் எண்ணச் சொல்வேன்: வீட்டில், பள்ளிப் பதிவேட்டில், முன்னறிவிப்பின்றிப் போய் வகுப்பில் தலைகளை. வீட்டிலேயே ஒரு வாசிப்புத் தேர்வும் வைக்கச் சொல்வேன். பள்ளியை விட்ட பெண்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, அவர்களில் எத்தனை பேருக்குப் பதினெட்டுக்குள் கல்யாணம் ஆயிற்று என்று இரண்டு வகை ஒன்றியங்களிலும் பார்க்கச் சொல்வேன். அந்த எண் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால், என் முதல் பகுதித் தொகை போதவில்லை என்று பொருள், அதை உயர்த்த வேண்டும்.